எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் இரத்தசோகை: முதலில் தீர்ந்துபோவது எந்தச் சத்து?



சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி மருத்துவ உதவி கேட்டு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்திருந்தார். வயது 36. மூன்று பிள்ளைகள். கணவர் சவூதியில் ஓட்டுநராக இருக்கிறார். நம் அலுவலகம் மாடியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். படியேறி வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. முகம் வெளிறிக் கிடந்தது. கூட வந்திருந்த அவருடைய மாமிதான் பேசினார்: "ரத்தம் ஏத்தணுமாம் தம்பி. பாட்டிலுக்கும் பெட்டுக்கும் சேர்த்து ஏதாவது பார்த்துச் செய்யுங்க."

மனுவோடு ஒரு தடிமனான ஃபைலும் இருந்தது. இரண்டேகால் ஆண்டுகளுக்கு முன், உடல் எடை 112 கிலோவாக இருந்தபோது அவருக்கு இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. இப்போது எடை 68 கிலோ. சர்க்கரையும் கட்டுக்குள் வந்துவிட்டது. எடையைப் பொறுத்தவரை சிகிச்சை வெற்றிதான். ஆனால் ஹீமோகுளோபின் 8.4 என்று இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது கணக்கு. கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13.

நம் மருத்துவ முகாமுக்கு வழக்கமாக வரும் மருத்துவரிடம் அந்த ஃபைலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக மேசையில் பரப்பி, ஒரு மணி நேரம் எனக்குப் பாடமே நடத்திவிட்டார். நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் விலங்கியல் படித்தவன், அவ்வளவே. என்றாலும் நம் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இப்போது கணிசமாக இருப்பதால், அன்று கேட்டதையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். அந்தச் சகோதரியின் சம்மதத்தோடுதான் அவருடைய விவரங்களைச் சொல்கிறேன்.

வயிற்றுக்குள் என்ன மாற்றுகிறார்கள்?

இந்த அறுவை சிகிச்சையில் நம் நாட்டில் அதிகம் நடப்பவை இரண்டு வகை. ஒன்று ஸ்லீவ். இரைப்பையை நெடுக்குவாட்டில் வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். குடலைத் தொடுவதில்லை. மற்றொன்று பைபாஸ். இதில் இரைப்பையின் மேல்பகுதியில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். சாப்பாடு பெரிய இரைப்பைக்குள்ளும் போகாது, சிறுகுடலின் தொடக்கப் பகுதிக்குள்ளும் போகாது. அந்தப் பகுதிகள் உடலுக்குள்ளேயே இருக்கும். உணவு மட்டும் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும். மினி பைபாஸ் என்று ஒரு வகை உண்டு. பெயரில்தான் மினி. சுற்றிப் போகும் குடலின் நீளம் அதில் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அதனால் சத்துக் குறைவும் கூடுதலாக வரலாம்.

இரும்புச் சத்தை உடல் உறிஞ்சும் முக்கியமான இடம் சிறுகுடலின் அந்தத் தொடக்கப் பகுதியே. அதற்கு முன் இரைப்பையின் அமிலம் இரும்பைக் கரைத்து, உறிஞ்சத் தக்க வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். ஸ்லீவ் செய்தவருக்கு அமிலம் குறைகிறது. பைபாஸ் செய்தவருக்கு அமிலமும் குறைகிறது, உறிஞ்சும் இடமும் கைநழுவுகிறது. போதாததற்கு, புண் வராமலிருக்க ஆபரேஷனுக்குப் பின் சில மாதங்களுக்குப் பேன்டபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையும் தருவார்கள். அந்தச் சகோதரி அதை இரண்டு ஆண்டுகளாக நிறுத்தாமல் விழுங்கி வந்திருந்தார். நிறுத்தலாமா என்று அவர் டாக்டரிடம் கேட்கவும் இல்லை. அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

எது முதலில் தீரும்?

ஒரு சத்து எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: உடலில் அதற்கு எவ்வளவு கையிருப்பு உண்டு, அன்றாடம் எவ்வளவு செலவு என்பது. வீட்டில் அரிசியும் உப்பும் ஒரே நாளில் வாங்கினாலும் ஒரே நாளில் தீருவதில்லை அல்லவா, அதுபோலத்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டு மூன்று வாரங்களிலேயே தீர்ந்துவிடக் கூடியது தயமின் என்னும் பி1 வைட்டமின். இதன் குறைவு இரத்தசோகை தருவதில்லை. நரம்பையும் மூளையையும் தாக்கும். ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் ஒருவர் நாள்கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், நடை தள்ளாடினால், பேச்சு குழம்பினால், அது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர் என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஏனென்றால் தயமின் தராமல் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். நம் பேச்சு இரத்தசோகையைப் பற்றியது என்றாலும், இதைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை.

இனி இரத்தத்துக்கு வருவோம். இங்கே பெரும்பாலும் முதலில் தீருவது இரும்புச் சத்து. மாதவிடாய் இருக்கும் பெண்களுக்கு இது இன்னும் உறுதி. சராசரியாக ஒரு பெண்ணின் உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பு ஏறத்தாழ 300 மில்லிகிராம். ஆணுக்கு 1000 மில்லிகிராம் வரை இருக்கலாம். தோலும் குடலும் உதிர்க்கும் செல்கள் வழியாக நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் போகிறது. மாதவிடாயைச் சேர்த்தால் பெண்ணுக்கு அது சராசரியாக ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஆகும். வரவு குறைந்து நாளுக்கு ஒரு மில்லிகிராம் துண்டு விழுகிறது என்று வைத்துக்கொண்டால், 300 மில்லிகிராம் சேமிப்பு பத்து மாதத்தில் காலி. மூன்று பிரசவம் கண்ட பெண்ணுக்கு முழு 300 இருப்பது அரிது.

அடுத்து பி12. கல்லீரலில் இதன் கையிருப்பு 2 முதல் 5 மில்லிகிராம் வரை. கேட்பதற்குச் சிறியதாகத் தெரியும். ஆனால் அன்றாடத் தேவை இரண்டரை மைக்ரோகிராம்தான். அதாவது ஒரு மில்லிகிராமில் நானூறில் ஒரு பங்கு. ஆகவே ஆண்டுக் கணக்கில் தாங்கும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு முதலாண்டுக்குப் பிறகு இது குறையத் தொடங்குவதுதான் பெரும்பாலும் பார்க்கும் முறை. கறியிலும் மீனிலும் முட்டையிலும் உள்ள பி12-ஐ அமிலம் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு இரைப்பையின் சுவரில் சுரக்கும் ஒரு புரதம் அதைக் கைப்பிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரைப்பை சிறுத்துவிட்டால் கைப்பிடித்துப் போக ஆள் குறைவு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு, ஆபரேஷன் இல்லாவிட்டாலும் பி12 குறையும். ஆபரேஷனும் ஆகியிருந்தால் இரட்டை இழப்பு.

ஃபோலிக் அமிலத்தின் சேமிப்பு மூன்று நான்கு மாதங்களுக்குத்தான் வரும். அப்படிப் பார்த்தால் அதுவே முன்னால் தீர வேண்டும். ஆனால் சிறுகுடலின் மற்றப் பகுதிகளும் அதை உறிஞ்சப் பழகிக்கொள்கின்றன. கீரையிலும் பருப்பிலும் அது நிறைய இருக்கிறது. மல்டிவைட்டமின் மாத்திரையிலும் இருக்கிறது. அதனால் மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர்களுக்கு இந்தக் குறைவு அதிகம் வருவதில்லை. வாந்தியால் எதுவும் தங்காதவர்களும் மாத்திரையை அடியோடு விட்டவர்களும் மாட்டிக்கொள்வார்கள்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, வெள்ளை அணுக்களும் குறைகின்றன, நடையும் தள்ளாடுகிறது என்றால் செம்புச் சத்தைப் பார்க்க வேண்டும். இது அபூர்வம், பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து வரும். முடி கொட்டுகிறது என்று தாங்களாகவே துத்தநாக மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துத்தநாகம் மிகுந்தால் செம்பை உறிஞ்சவிடாது.

ஃபைல் சொன்ன கதை

இப்போது அந்தச் சகோதரியின் ரிப்போர்ட்டுகளைப் பார்ப்போம். ஆபரேஷனுக்கு முன் ஹீமோகுளோபின் 12.3. யாரும் குறை சொல்ல முடியாத எண். ஆனால் அதே தாளில் ஃபெரிடின் 18 என்று இருந்தது. ஃபெரிடின் என்பது சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் பரிசோதனை. இதில் ஒரு புள்ளி என்றால் சேமிப்பில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் இரும்பு என்று கணக்கிடுவார்கள். ஆக, 300 இருக்க வேண்டிய இடத்தில் அவருக்கு இருந்தது 150-க்கும் குறைவு. அரை சேமிப்போடு ஆபரேஷன் மேசைக்குப் போயிருக்கிறார்.

ஆறாவது மாதம் ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிடின் 9. ஓராண்டு நிறைவில் ஹீமோகுளோபின் 11.7. அப்போது ஃபெரிடின் பார்க்கவில்லை. "கொஞ்சம்தான் குறைவு, கீரை சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பதினைந்து மாதங்களுக்கு எந்தப் பரிசோதனையும் இல்லை. எடை குறைந்தாயிற்று, ஆபரேஷன் முடிந்த கதை என்று வீட்டில் எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு குறைந்தாலும் கீழே குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். கடைசி ஒரு சாண் தண்ணீரும் இறங்கிய பிறகுதான் குழாய் காற்றை விடும். ஹீமோகுளோபின் அந்தக் குழாய். ஃபெரிடின் தொட்டியின் மட்டம். ஆறாவது மாதத்தில் குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது. தொட்டியோ அப்போதே வறண்டிருந்தது. ஆபரேஷன் ஆனவர்கள் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது என்று மருத்துவர் மீண்டும் மீண்டும் சொன்னதன் காரணம் இதுதான். ஃபெரிடின் 30-க்குக் கீழே போனாலே சேமிப்பு குறைந்துவிட்டது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. காய்ச்சலோ, உடம்பில் எங்காவது அழற்சியோ, அதிக உடல் பருமனோ இருந்தால் ஃபெரிடின் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். அப்போது 40, 50 என்று வந்தாலும் நம்பிவிட முடியாது. டிரான்ஸ்ஃபெரின் சேச்சுரேஷன் என்ற பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அது 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இரும்பு பற்றவில்லை என்று பொருள்.

உடம்பும் அவரிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மாமி வெட்கத்தோடு ஒரு சங்கதி சொன்னார்: "அரிசி களையும்போதெல்லாம் கைப்பிடி அரிசி வாயில போட்டுக்கிறா. ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ஐஸைக் கடிச்சுக் கடிச்சுத் திங்கிறா. இந்த வயசுல இப்படி ஒரு பழக்கமான்னு நான் ஏசிப்புட்டேன் தம்பி." அது பழக்கம் அன்று, இரும்புக் குறைவின் அடையாளம். பச்சரிசி, ஐஸ், மண், சுண்ணாம்பு, சாம்பல் இவற்றின் மேல் திடீரென்று ஆசை வந்தால் ஏசுவதற்கு முன் இரத்தத்தைப் பரிசோதித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். இரண்டு மாதமாகக் காலில் செருப்பு கழன்று போவதுகூடத் தெரிவதில்லையாம். பாதம் மரத்துக் கிடக்கிறது. இரும்புக் குறைவு இப்படிச் செய்வதில்லை. இது பி12 குறைவின் வேலை. பார்த்தால் பி12 அளவு 148. 200-க்குக் கீழே என்றால் குறைவு என்று கொள்வது வழக்கம்.

இங்கேதான் எனக்குப் புரியாத ஒரு கணக்கு வந்தது. இரும்பு குறைந்தால் சிவப்பு அணுக்கள் சிறுத்துப் போகும். பி12 குறைந்தால் பெருத்துப் போகும் என்று படித்திருக்கிறேன். இரத்த ரிப்போர்ட்டில் அணுவின் சராசரி அளவை எம்.சி.வி. என்று போடுவார்கள். 80 முதல் 100 வரை சரியான அளவு. இவருக்கு 86. நடுநாயகமான எண்! இதைப் பார்த்துவிட்டு ஓர் இடத்தில், இது சத்துக் குறைவு போலத் தெரியவில்லை, இரத்தம் ஏற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சீரகச் சம்பாவையும் மொட்டை அரிசியையும் பாதிப்பாதி கலந்து வைத்துச் சராசரி நீளம் எடுத்தால் என்ன வரும் பாய்? பொன்னி அரிசி அளவு வரும். மூட்டையில் ஒரு மணி பொன்னிகூட இருக்காது." சிறிய அணுக்களும் பெரிய அணுக்களும் கலந்திருக்கும்போது சராசரி சரியாகத்தான் தெரியும். கலப்பு இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது ஆர்.டி.டபிள்யூ. என்ற பக்கத்து எண். அது 15-க்குள் இருக்க வேண்டும். இவருக்கு 21 இருந்தது.

இதில் ஓர் அபாயமும் மறைந்திருந்தது. "ரத்தம் ஊற" என்று பக்கத்து மருந்துக்கடையில் வாங்கிய ஃபோலிக் அமில மாத்திரையை அவர் ஆறு மாதமாகச் சாப்பிட்டு வந்தார். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் ஓரளவு தேறிவிடும். நரம்பின் சேதம் மட்டும் உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும். ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் நிம்மதியடையும், கால் மரத்துக்கொண்டே போகும். நாள்பட்டால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஆகவே பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தைத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை?

அவர் இரும்பு மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறார். எப்படி என்று கேட்டோம். காலை நாஷ்டாவுக்குப் பிறகு இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, பேன்டபிரசோல் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு டம்ளர் பால் தேநீர். கால்சியம் இரும்பைத் தடுக்கும். தேநீரில் உள்ள துவர்ப்பும் இரும்பைக் கட்டிப்போடும். பாலிலும் கால்சியம். பேன்டபிரசோல் அமிலத்தை நிறுத்தும். உறிஞ்சும் இடமோ ஏற்கெனவே சுற்றுவழியில் போய்விட்டது. நம் வீடுகளில் சாப்பாடு முடிந்த கையோடு தேநீர் வருவது எவ்வளவு ஊறிய வழக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆபரேஷன் ஆனவருக்கு அந்தத் தேநீரை மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

மாத்திரை அட்டையில் ஒரு விஷயத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் 200 மி.கி. இரும்பு இருப்பதாக அர்த்தமில்லை; உண்மையான இரும்பு 60 முதல் 65 மி.கி. வரைதான். அதை எலிமெண்டல் அயர்ன் என்று தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். ஸ்லீவ் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும், மாதவிடாய் உள்ள பெண்களுக்கும், குறைவு வராமல் தடுக்கவே நாளுக்கு 45 முதல் 60 மி.கி. உண்மையான இரும்பு வேண்டும் என்பது அமெரிக்க எடை குறைப்பு அறுவை மருத்துவர் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். சாதாரண மல்டிவைட்டமின் மாத்திரைகள் பலவற்றில் அந்த அளவு இருப்பதில்லை. மிட்டாய் போல மென்று தின்னும் கம்மி வகைகள் பலவற்றில் இரும்பு அறவே இல்லை.

பி12-க்கு அதே வழிகாட்டுதல் நாளுக்கு 350 முதல் 500 மைக்ரோகிராம் வரை வாய்வழியாகச் சொல்கிறது. தேவை இரண்டரை மைக்ரோகிராம் என்றேனே, எதற்கு இவ்வளவு என்று கேட்கலாம். கைப்பிடித்துப் போகும் புரதம் இல்லாதபோதும், விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்கு தானாகவே கசிந்து உள்ளே போகும். அந்த ஒரு பங்கு தேவைக்குப் போதுமாக இருக்கட்டும் என்றுதான் மாத்திரையை அவ்வளவு பெரிதாகச் செய்கிறார்கள். மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு மாதம் ஒரு முறை 1000 மைக்ரோகிராம் ஊசி.

கேப்ஸ்யூலின் கூடு ஜெலட்டின் என்பதால் ஹலாலா ஹராமா என்ற ஐயத்தில் மாத்திரையையே நிறுத்திவிட்டவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஐயம் நியாயமானதே. அதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. இதே மருந்துகள் ஜெலட்டின் இல்லாத மாத்திரையாகவும், சிரப்பாகவும், தாவரக் கூட்டில் அடைத்ததாகவும் கிடைக்கின்றன. மருந்துக்கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேரீச்சம்பழத்தின் பரக்கத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் நூறு கிராம் பழத்தில் இருக்கும் இரும்பு ஒரு மில்லிகிராம் அளவுதான். அதில் உறிஞ்சப்படுவது இன்னும் சொற்பம். பைபாஸ் ஆனவர் அவ்வளவு இனிப்பை ஒரே நேரத்தில் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஆட்டு ஈரலும் நம் பெரியவர்கள் சொல்லும் சுவரொட்டியும் இரும்புக்கு மிக நல்லவை. இறைச்சியில் உள்ள இரும்பு அமிலம் குறைந்த வயிற்றிலும் ஓரளவு ஏறும். ஆனால் முட்டை அளவு வயிற்றில் எவ்வளவு கறி கொள்ளும்? பலருக்கு ஆபரேஷனுக்குப் பின் கறியே பிடிப்பதில்லை. ஆக, சாப்பாடு துணைதான், மாத்திரைக்குப் பதிலாகாது.

பிறகு என்ன ஆயிற்று?

அவருக்கு இரத்தம் ஏற்றத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னார். நெஞ்சு வலி இல்லை, இரத்தக் கசிவு இல்லை, ஹீமோகுளோபினும் ஏழுக்குக் கீழே போகவில்லை. அவருக்குத் தேவை இரும்பு. அதுவும் குடல் வழியாக அன்று, நரம்பு வழியாக. எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எடை 68 கிலோ. ஹீமோகுளோபின் 15-க்கு வர இன்னும் 6.6 வேண்டும். இவ்விரண்டையும் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கினால் 1077. வெறுமையான சேமிப்பை நிரப்ப 500 சேர்த்தால் 1577 மி.கி. நடைமுறையில் 1500 மி.கி. என்று வைத்து, மருத்துவமனையில் வைத்தே முதல் வாரம் 1000, அடுத்த வாரம் 500 என்று ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் ஏற்றினார்கள். ஒவ்வாமை வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பி12 ஊசி முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. மருத்துவரே பார்த்து பேன்டபிரசோலை நிறுத்தினார்.

இதற்கு முன் ஒரு கேள்வியையும் அவர் கேட்டுத் தெளிந்துகொண்டார்: எங்காவது இரத்தம் கசிகிறதா? பைபாஸ் இணைப்பில் புண் வருவதுண்டு. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் அது அதிகம். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று நாறினால் உடனே காட்ட வேண்டும். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் இதை அலட்சியப்படுத்திவிடுகிறார்கள். ஆபரேஷன் ஆன ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால், சத்துக் குறைவு என்று முடிவு கட்டும் முன் கசிவைத் தேடியாக வேண்டும். மாதவிடாய் மிகுதியாகப் போகும் பெண்கள் அதற்கும் மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஊற்ற, மறுபக்கம் ஒழுகினால் தொட்டி நிறையாது.

பத்து நாளில் பச்சரிசி ஆசை போய்விட்டது. நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 10.5. மூன்றாம் மாதம் 12.4, ஃெபரிடின் 96. கால் மரப்பு பாதி குறைந்திருக்கிறது. மீதிக்கு இன்னும் மாதங்கள் ஆகும் என்கிறார்கள். அவருக்கு இன்னொரு பிள்ளைக்கு ஆசை இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்வார்கள்; அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனாலும் இரும்பும் பி12-ம் ஃபோலிக் அமிலமும் சரியாக இருப்பதை உறுதி செய்த பிறகே என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இனி அவருக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. இரும்பு மாத்திரை இரவு படுக்கும் முன், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு. கால்சியம் காலையிலும் மாலையிலும், இரும்புக்குக் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விட்டு. அதுவும் அமிலம் குறைந்த வயிற்றுக்கு ஏற்ற கால்சியம் சிட்ரேட் வகை. பரிசோதனைகள் ஆபரேஷன் ஆன முதல் ஆண்டில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுள் முழுக்க. இவருக்கு ஒரு முறை தீர்ந்துவிட்டதால் இப்போதைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

ரமளானுக்கு என்ன செய்வது என்று கேட்டார். ஆபரேஷன் ஆகி ஓராண்டு நிறையாதவர்கள், வாந்தி இருப்பவர்கள், இரத்தசோகை தீராதவர்கள் நோன்பு வைக்கும் முன் மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மருத்துவர் அனுமதித்தவர்கள் கால்சியத்தை ஒரு வேளை இஃப்தாரின்போதும் ஒரு வேளை சஹரிலும், இரும்பைத் தராவீஹ் தொழுகை முடிந்து வந்த பிறகும் எடுத்துக்கொள்ளலாம். இஃப்தாருக்குப் பின் குடிக்கும் தேநீரைத் தராவீஹுக்கு முன்பே முடித்துக்கொண்டால் இரும்புக்கு இடைஞ்சல் இருக்காது.

இந்த ஆபரேஷன் செய்துகொண்ட சகோதர சகோதரிகள் நம் மருத்துவ முகாமுக்கு வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கொண்டு வாருங்கள். ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸா என்பது அதில்தான் இருக்கும். ஹீமோகுளோபினோடு ஃபெரிடின், பி12 பரிசோதனைகளும் செய்யப் பணம் இல்லாதவர்கள் அலுவலகத்தில் மனு கொடுங்கள். பாட்டில் இரத்தத்துக்குக் கொடுப்பதைவிட அதற்குக் கொடுப்பது டிரஸ்டுக்கும் எளிது.